செக்மென்ட் நோட், இபிஎஸ் நோட்: டிரையல் பேலன்ஸுக்கு வெளியே இருக்கும் ஆடிட்

"வேலூரில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறேன் சார். முதல் தடவையாக ஒரு லிஸ்டட் கம்பெனி ஆடிட்டில் போட்டிருக்கிறார்கள், தோல் பொருள் ஏற்றுமதி. செக்மென்ட் நோட்டும் இபிஎஸ் நோட்டும் என் பொறுப்பு. செக்மென்ட் மொத்தம் லாப நஷ்டக் கணக்கோடு டை ஆகிறது, இபிஎஸ் வகுத்தல் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் இதில் என்ன பார்ப்பது?"

நீங்கள் டை ஆகிறது என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. இந்த இரண்டு நோட்டும் தப்பாக இருக்கும்போதுகூட டை ஆகும். மற்ற நோட்டுகளில் எண் லெட்ஜரிலிருந்து வருகிறது, லெட்ஜருக்குப் பின்னால் பில் இருக்கிறது, பில்லைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. தொழிலைப் பிரிவு பிரிவாக உடைத்துக் காட்டும் செக்மென்ட் நோட்டில் மொத்தம் மட்டும்தான் லெட்ஜரில் இருக்கும். அதை எந்தக் கோட்டில் வெட்டினார்கள் என்பது மேனேஜ்மென்ட் படிக்கும் உள் ரிப்போர்ட்டில் இருக்கும். இபிஎஸ், அதாவது பங்கு ஒன்றுக்கான லாபத்தில், மேலே உள்ள லாபம் லெட்ஜரில் இருக்கும். கீழே உள்ள பங்கு எண்ணிக்கை கம்பெனி செக்ரட்டரியின் அலமாரியில் இருக்கும். ஆகவே கணக்குப் பிரிவில் மட்டும் உட்கார்ந்து இந்த இரண்டையும் முடிக்க முடியாது.

உங்கள் கிளையன்ட்டின் எண்களை இங்கே எழுதாதீர்கள். நான் ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கம்பெனிதான்: ராணிப்பேட்டையில் டேனரி, ஆம்பூரில் ஷூ ஃபேக்டரி, டேனரிக்கு வேண்டிய கெமிக்கல் தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட், சொந்தமாகக் கொஞ்சம் காற்றாலை. 2024-25 கணக்கு. எல்லா எண்களும் கோடி ரூபாயில்.

டேனரி வெளியே விற்றது 180, ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்குக் கொடுத்தது 120, ஆக 300. ஷூ முழுக்க வெளி விற்பனை, 420. கெமிக்கல் வெளியே 38, டேனரிக்கு 14, ஆக 52. காற்றாலை வெளியே 2, சொந்த ஃபேக்டரிகளுக்கு 10, ஆக 12. மொத்தம் 784, அதில் உள்ளுக்குள் கைமாறிய 144-ஐக் கழித்தால் 640, இதுதான் லாப நஷ்டக் கணக்கில் இருக்கும் வருமானம். லாபம் டேனரி 6, ஷூ 48, காற்றாலை 5, கெமிக்கல் நஷ்டம் 7. கூட்டினால் 52. இந்த லாப எண்களை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது.

கம்பெனி உங்களிடம் கொடுத்த வரைவு நோட்டில் 'தோல்', 'ஷூ', 'மற்றவை' என்று மூன்று பத்திகள். போன வருடம் கெமிக்கல் தனிப் பத்தியாக இருந்தது. இந்த வருடம் காற்றாலையோடு சேர்ந்து 'மற்றவை' ஆகிவிட்டது. கேட்டால், "பத்து சதவீத சோதனையில் வரவில்லை சார்" என்று ஒர்க்கிங் காட்டுகிறார்கள். ஒர்க்கிங்கும் சரியாகத்தான் இருக்கிறது.

செக்மென்ட் நோட்டுக்கான ஸ்டாண்டர்டு இண்ட் ஏஎஸ் 108 சொல்வது இதுதான். ஒரு பிரிவு தனியாகக் காட்டப்பட வேண்டுமென்றால் மூன்றில் ஒரு சோதனையில் தேறினால் போதும். ஒன்று, அதன் வருமானம், உள்விற்பனையும் சேர்த்து, எல்லாப் பிரிவுகளின் மொத்த வருமானத்தில் பத்து சதவீதமாவது இருக்க வேண்டும். இங்கே 784-இல் பத்து சதவீதம் 78.4, கெமிக்கல் 52தான், தேறாது. பல பேர் இந்த இடத்தில் 640-ஐ வைத்துக் கணக்குப் போடுவார்கள், அது தப்பு. இரண்டு, சொத்துகளில் பத்து சதவீதம். டேனரி 220, ஷூ 260, கெமிக்கல் 50, காற்றாலை 30 என்றால் மொத்தம் 560. கெமிக்கல் 56-க்குக் கீழே. மூன்றாவது லாப நஷ்ட சோதனை. லாபம் காட்டிய பிரிவுகளை மட்டும் கூட்டுங்கள், நஷ்டம் காட்டியவற்றைத் தனியே கூட்டுங்கள், எது பெரியதோ அதில் பத்து சதவீதம். லாபக் கூட்டல் 59, நஷ்டக் கூட்டல் 7. ஆக எல்லை 5.9. கெமிக்கலின் நஷ்டம் 7. குறியைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்க்க வேண்டும், எனவே கெமிக்கல் தேறுகிறது, தனிப் பத்தி வேண்டும்.

அப்படியானால் கம்பெனியின் ஒர்க்கிங் எப்படிச் சரியாக வந்தது? அவர்கள் ஒர்க்கிங்கில் கெமிக்கலின் நஷ்டம் 7 அல்ல, 5.67. வித்தியாசம் கழிவுநீரில் இருக்கிறது.

டேனரி ஆடிட் செய்திருப்பீர்கள், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபியின் செலவு எவ்வளவு பெரியது என்று தெரியும். கழிவுநீர் துளியும் வெளியே போகாமல் சுத்திகரித்து, ஆவியாக்கி, உப்பைப் பிரிப்பது வரை செய்தால் மின்சாரமும் கெமிக்கலும் தின்றுவிடும். நம் கம்பெனியில் அது வருடத்துக்கு 10 கோடி. போன வருடம் வரை மீட்டரில் ஓடிய கழிவுநீர் அளவை வைத்து டேனரிக்கு 8, கெமிக்கலுக்கு 2 என்று பிரித்தார்கள். நான் முதலில் சொன்ன லாப எண்கள் இந்தப் பிரிப்பில் வந்தவை. ஷூ ஃபேக்டரியில் வெட்டித் தைத்து ஒட்டுகிற வேலைதான், அங்கிருந்து பேச வேண்டிய அளவுக்குக் கழிவுநீர் வருவதில்லை. இந்த வருடம் நோட் போடும்போது மட்டும் மூன்று யூனிட்டுகளின் விற்றுமுதல் விகிதத்தில் பிரித்துவிட்டார்கள். 300, 420, 52 என்ற விகிதத்தில் டேனரிக்கு 3.89, ஷூவுக்கு 5.44, கெமிக்கலுக்கு 0.67.

இதன் விளைவைப் பாருங்கள். டேனரி லாபம் 6-இலிருந்து 10.11 ஆகிறது. ஷூ 48-இலிருந்து 42.56 ஆகக் குறைகிறது. கெமிக்கல் நஷ்டம் 5.67. லாபக் கூட்டல் 57.67, அதன் பத்து சதவீதம் 5.77. கெமிக்கல் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே போய் 'மற்றவை'க்குள் மறைந்துவிட்டது. மொத்தம் அப்படியே 52தான். லாப நஷ்டக் கணக்கோடு அழகாக டை ஆகும். உங்கள் டிக் மார்க்கும் அதன் மேல் விழும்.

இப்போது கேள்வி, எந்தப் பிரிப்பு சரி? உங்கள் மனசு கழிவுநீர் அளவுதான் நியாயம் என்று சொல்லும், என் மனசும் அப்படித்தான். ஆனால் இண்ட் ஏஎஸ் 108 நம் நியாயத்தைக் கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்று: கம்பெனியில் யாருக்குப் பணம் கொடுப்பது, எந்த யூனிட்டை வளர்ப்பது என்று முடிவெடுக்கும் நபர், சிஓடிஎம் என்று ஸ்டாண்டர்டு சொல்லும் ஆள், எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்? அந்த எண்தான் நோட்டில் வர வேண்டும். நம் ஊர்க் கம்பெனிகளில் பெரும்பாலும் அது எம்.டி., சில இடங்களில் முழுநேர டைரக்டர்கள் சேர்ந்த ஒரு குழு.

ஆகவே எம்.டி. மாதாமாதம் படிக்கும் உள் ரிப்போர்ட்டை, அதாவது எம்ஐஎஸ்ஸை, எடுக்க வேண்டும். எடுக்கும் விதம் முக்கியம். ஃபைனான்ஸ் மேனேஜரிடம் கேட்டால் உங்களுக்காக ஒரு பிரின்ட் தயாராகி வரும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஏதாவது இரண்டு மூன்று மாதத்தை நீங்களே தேர்ந்து, எம்.டி.க்குப் போன ஈமெயிலையே அவர்கள் ஸ்க்ரீனில் திறந்து, அதில் இணைத்த ஃபைலைப் பாருங்கள். கம்பெனி செக்ரட்டரியிடம் போர்டு மீட்டிங்குக்குச் சுற்றுக்கு விட்ட பேப்பர்களைக் கேளுங்கள். யூனிட் தலைவர்களின் இன்சென்டிவ் எந்த லாபத்தின் மேல் கணக்கிடப்படுகிறது என்று எச்ஆர்-இல் விசாரியுங்கள். தன் இன்சென்டிவ் எதில் வருகிறது என்று ஒரு யூனிட் தலைவருக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. நேரில் பேச வாய்ப்பு கிடைத்தால் எம்.டி.யிடமே "கெமிக்கல் யூனிட் இந்த வருடம் எவ்வளவு நஷ்டம் சார்?" என்று கேட்டுவிடலாம். அவர் யோசிக்காமல் "ஏழு" என்று சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, அப்புறம் அதை எழுத்தில் உறுதிசெய்தால் போதும்.

எம்ஐஎஸ்ஸில் கழிவுநீர் அளவுப் பிரிப்பே தொடர்கிறது, விற்றுமுதல் பிரிப்பு நோட்டுக்காக மட்டும் செய்தது என்றால் வாதத்துக்கே இடமில்லை. நஷ்டம் 7, கெமிக்கல் தனிப் பத்தி, டேனரி லாபம் 6. திருத்தச் சொல்ல வேண்டும்.

எம்ஐஎஸ்ஸையே வருட நடுவில் மாற்றிவிட்டார்கள் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. மாற்றக்கூடாது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அளக்கும் முறை மாறியது, அதனால் எந்தப் பிரிவின் லாபம் எவ்வளவு மாறியது என்று நோட்டில் எழுத வேண்டும். அதோடு, போன வருடம் தனியாகக் காட்டிய பிரிவு இந்த வருடம் சோதனையில் தேறாவிட்டாலும், அது இன்னும் முக்கியமானதுதான் என்றால் தனியாகவே காட்ட வேண்டும் என்று ஸ்டாண்டர்டு சொல்கிறது. எல்லைக்கு 0.1 கோடி கீழே, மூடலாமா வேண்டாமா என்று போர்டு பேசிக்கொண்டிருக்கும் யூனிட்டை முக்கியமில்லை என்று சொல்வது கஷ்டம். மாற்றத்துக்கு என்ன காரணம், யார் ஒப்புதல், எந்தத் தேதி என்று கேளுங்கள். தேதி ஏப்ரல் மாதமாக இருந்தால், அதாவது வருடம் முடிந்த பிறகு என்றால், உங்கள் சீனியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஆடிட்டிங் ஸ்டாண்டர்டு எஸ்.ஏ. 501 இந்த வேலையை எந்த அளவுக்குச் செய்யச் சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேனேஜ்மென்ட் எந்த முறையில் பிரித்தது என்று புரிந்துகொள், அந்த முறை ஸ்டாண்டர்டுக்குப் பொருந்தும் தகவலைத் தருமா என்று மதிப்பிடு, தேவைப்பட்டால் முறையைப் பயன்படுத்தியதைச் சோதி, அனலிடிகல் சோதனைகள் செய். அவ்வளவுதான். ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் தனி ஆடிட் ஒப்பீனியன் கொடுக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை, நம் ஒப்பீனியன் முழு நிதிநிலை அறிக்கைக்குத்தான். இதைக் காரணம் காட்டி 'மொத்தம் சரி, அதனால் மெட்டீரியல் இல்லை' என்று விடுகிறவர்கள் உண்டு. நஷ்டத்தில் ஓடும் ஒரு தொழில் நோட்டிலிருந்தே காணாமல் போவது ரூபாய் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யும் விஷயமல்ல என்பது என் கருத்து.

டேனரியையும் ஷூவையும் சேர்த்து 'தோல் மற்றும் தோல் பொருட்கள், ஒரே செக்மென்ட்' என்று எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் புதிதல்ல. சேர்ப்பதற்கு நிபந்தனை இருக்கிறது. நீண்டகால சராசரி மார்ஜின் ஒத்திருக்க வேண்டும், பொருளின் தன்மை, தயாரிக்கும் முறை, வாங்குபவர் வகை, விற்கும் வழி ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும். டிரம்மில் தோல் பதப்படுத்துவதும் கன்வேயரில் ஷூ தைப்பதும் ஒன்றல்ல. டேனரியின் வாடிக்கையாளர் இன்னொரு ஷூ கம்பெனி, ஷூவின் வாடிக்கையாளர் வெளிநாட்டு பிராண்ட். இங்கே மார்ஜினும் 2 சதவீதம், 11 சதவீதம் என்று நிற்கிறது. சேர்க்க முடியாது.

டேனரி ஷூவுக்குக் கொடுக்கும் 120 கோடி தோலின் விலையிலும் இதே தர்க்கம்தான். சந்தை விலையில் கொடுத்தாலும் அடக்க விலையில் கொடுத்தாலும் ஸ்டாண்டர்டு தடுக்காது, எந்த அடிப்படை என்று சொன்னால் போதும். வருட இறுதியில் ஆம்பூர் கோடவுனில் இருக்கும் தோலில் டேனரி சேர்த்த லாபம் ஒட்டியிருக்கும். அது மொத்தக் கணக்கில் நீக்கப்பட வேண்டும், செக்மென்ட் லாபத்திலிருந்து வரிக்கு முந்தைய லாபத்துக்கு வரும் ரிகன்சிலியேஷனில் தெரிய வேண்டும். நம் கம்பெனியில் 52-இலிருந்து வட்டி, கார்ப்பரேட் செலவு, இந்த ஸ்டாக் லாபம் எல்லாம் சேர்த்து 14.4 போய் 37.6 வருகிறது. அந்த 14.4-ஐ ஒரே வரியில் 'ஒதுக்கப்படாதது' என்று போட்டிருந்தால் உடைத்துக் கேளுங்கள். டை ஆகாததையெல்லாம் கொண்டுபோய்த் தள்ளும் இடம் அதுதான்.

பெரிய வாடிக்கையாளர் டிஸ்க்ளோஷரையும் ஒரு பார்வை பாருங்கள். வருமானத்தில் பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அந்தத் தொகையையும் எந்தச் செக்மென்ட் என்பதையும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். இங்கே எல்லை 64 கோடி. ஷூ ஏற்றுமதியில் ஒரே பிராண்டின் ஜெர்மனி கம்பெனிக்கு ஒரு பில், பிரான்ஸ் கம்பெனிக்கு ஒரு பில் என்று போகும். கட்டுப்பாடு ஒருவரிடம் இருந்தால் எல்லாம் ஒரே வாடிக்கையாளர். கஸ்டமர் மாஸ்டரில் தனித்தனி கோடு இருப்பதால் சிஸ்டம் ரிப்போர்ட்டில் யாருமே 64-ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இனி இபிஎஸ். 37.6-இல் வரி 9.4 போக லாபம் 28.2 கோடி. வருட ஆரம்பத்தில் 4 கோடி பங்குகள். 2024 அக்டோபர் 1 அன்று நான்குக்கு ஒன்று என்று ரைட்ஸ் இஷ்யூ, பங்கு 60 ரூபாய், 1 கோடி புதுப் பங்கு. ரைட்ஸுக்கு முன் சந்தை விலை 110. போன வருட லாபம் 26.4, இபிஎஸ் 6.60.

கம்பெனியின் வரைவில் 4 கோடியை 183 நாளுக்கும் 5 கோடியை 182 நாளுக்கும் எடைபோட்டு 4.499 கோடி பங்கு, இபிஎஸ் 6.27 என்று இருக்கிறது. வகுத்தல் சரி. நாள் கணக்கும் சரி. ஆனால் 110 ரூபாய் பங்கை 60-க்குக் கொடுத்ததில் பாதி விற்பனை, பாதி இலவசம் என்பதுபோல ஒரு போனஸ் அம்சம் இருக்கிறது. அந்தப் போனஸ் பகுதியை இபிஎஸ்ஸுக்கான ஸ்டாண்டர்டு இண்ட் ஏஎஸ் 33 ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகக் கருதச் சொல்கிறது.

```
ரைட்ஸுக்குப் பின் கோட்பாட்டு விலை = (4 × 110 + 1 × 60) / 5 = 100
காரணி = 110 / 100 = 1.1
பங்குகள் = 4 × 1.1 × 183/365 + 5 × 182/365 = 4.699 கோடி
இபிஎஸ் = 28.2 / 4.699 = 6.00
போன வருடம் = 6.60 / 1.1 = 6.00
```

ஆக உண்மையில் இபிஎஸ் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பெனி வரைவில் 6.60-இலிருந்து 6.27-க்கு விழுந்ததாக இருக்கிறது, அது அவர்களுக்கே பாதகமான தவறு, சொன்னவுடன் திருத்திவிடுவார்கள். கவனிக்க வேண்டியது பாதித் திருத்தம். போன வருடத்தை மட்டும் 1.1-ஆல் வகுத்து 6.00 ஆக்கிவிட்டு, இந்த வருடத்தின் முதல் 183 நாளுக்குக் காரணியைப் போட மறந்தால் 6.00-இலிருந்து 6.27, நாலரை சதவீத வளர்ச்சி! இல்லாத வளர்ச்சி. திருத்திய வரைவு வந்ததும் இரண்டு வருடத்தையும் நீங்களே மறுபடி கணக்கிட வேண்டியது இதனால்தான்.

110 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். இப்போது ரைட்ஸ் உரிமையே தனியாக என்எஸ்இ, பிஎஸ்இ-இல் வியாபாரமாகிறது. அப்படி இருக்கும்போது, பங்கும் உரிமையும் சேர்ந்து விற்ற கடைசி நாளின் முடிவு விலையை எடுக்க வேண்டும். அலாட்மென்ட் அன்றைய விலையை எடுப்பது வழக்கமான தவறு. அதற்குள் விலையிலிருந்து உரிமையின் மதிப்பு கழன்றுவிட்டிருக்கும், காரணி குறைவாக வரும். விலையை எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்டிலிருந்து நீங்களே இறக்கி ஃபைலில் வையுங்கள்.

பங்கு எண்ணிக்கைக்கு ஆதாரம் கணக்குப் பிரிவின் எக்செல் அல்ல. அலாட்மென்ட் நடந்த போர்டு அல்லது கமிட்டி மினிட்ஸ், அலாட்மென்ட்டைத் தெரிவிக்கும் பாஸ்-3 ஃபார்ம், பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஆர்டிஏ தரும் மார்ச் 31 பங்கு நிலவரம், அப்புறம் காலாண்டுக்கு ஒருமுறை வரும் பங்கு மூலதன ரிகன்சிலியேஷன் ரிப்போர்ட். கடைசியாகச் சொன்னதில் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல், பேப்பர் பங்கு மூன்றும் சேர்ந்து வெளியிட்ட மூலதனத்தோடு ஒத்துப்போகிறதா என்று இருக்கும், ஒத்துப்போகாவிட்டால் காரணமும் இருக்கும். ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் கம்பெனியின் ஈசாப் டிரஸ்ட்டிடம் பங்கு இருந்தால் அதைக் கழிக்க வேண்டும், மறந்துவிடுவார்கள்.

மார்ச் 31-ஐத் தாண்டியும் பார்க்க வேண்டும். மே மாதம் கணக்கை போர்டு ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து முடித்திருந்தால், மார்ச்சில் இல்லாத அந்தப் பங்குகளையும் சேர்த்து இரண்டு வருடத்துக்கும் 3.00 என்றுதான் காட்ட வேண்டும். போர்டு பரிந்துரை, பங்குதாரர் ஒப்புதல், ரெக்கார்டு தேதி, அலாட்மென்ட், கணக்கு ஒப்புதல் என்று ஐந்து தேதிகளையும் வரிசையாக எழுதினால் விடை தானாகத் தெரியும்.

லாபப் பக்கத்தில் நம் நாட்டு ஸ்டாண்டர்டில் மட்டும் உள்ள ஒரு கொக்கி உண்டு. லாப நஷ்டக் கணக்கில் வர வேண்டிய ஒரு செலவை செக்யூரிட்டீஸ் பிரீமியத்திலோ வேறு ரிசர்விலோ நேராகக் கழித்திருந்தால், இபிஎஸ் கணக்குக்கு அதை லாபத்திலிருந்து கழித்தாக வேண்டும். ஆகவே ஈக்விட்டி மாற்ற அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

பங்காக மாறக்கூடியவை எல்லாம் மாறிவிட்டதாக வைத்துக் கணக்கிடும் டைல்யூட்டட் இபிஎஸ்ஸில்தான் செக்மென்ட் வேலை திரும்பி வருகிறது. கம்பெனி 26 கோடிக்கு 10 சதவீத டிபென்ச்சர் வெளியிட்டிருக்கிறது, வைத்திருப்பவர் விரும்பினால் 30 லட்சம் பங்காக மாற்றலாம். 'விரும்பினால்' என்பதை ஒப்பந்தத்தில் உறுதிசெய்யுங்கள்; கட்டாயம் மாற வேண்டியது என்றால் அது ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து பேசிக் இபிஎஸ்ஸிலேயே சேர்ந்துவிடும். மாறினால் மிச்சமாகும் வட்டி 2.6 கோடி, வரி போக 1.95. லாப நஷ்டக் கணக்கில் எழுதிய வட்டியும் இதே தொகை என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பங்கு ஒன்றுக்கு 6.50. இது பேசிக் 6.00-ஐவிட அதிகம், அதாவது சேர்த்தால் இபிஎஸ் ஏறும். ஏற்றும் கருவியைச் சேர்க்கக்கூடாது, ஆகவே டைல்யூட்டட்டும் 6.00. கம்பெனியும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியது மொத்த லாபத்தின் மேல் அல்ல, தொடரும் தொழில்களின் லாபத்தின் மேல். கெமிக்கல் யூனிட்டை மார்ச்சுக்குள் உண்மையிலேயே இழுத்து மூடிவிட்டார்கள், அது நிறுத்தப்பட்ட தொழிலாக வகைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நஷ்டம் 7, வரி போக 5.25. தொடரும் தொழில்களின் லாபம் 33.45, பங்கு ஒன்றுக்கு 7.12. இப்போது 6.50 அதைவிடக் குறைவு, டிபென்ச்சர் டைல்யூட் செய்கிறது. தொடரும் தொழில்களின் டைல்யூட்டட் இபிஎஸ் 35.40-ஐ 4.999-ஆல் வகுத்து 7.08. அதே பங்கு எண்ணிக்கையைத்தான் மொத்த லாபத்துக்கும் பயன்படுத்த வேண்டும்: 30.15-ஐ 4.999-ஆல் வகுத்தால் 6.03. டைல்யூட்டட் 6.03, பேசிக் 6.00! பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்பார்கள். சரிதான், ஸ்டாண்டர்டு அப்படித்தான் கேட்கிறது. ரிவ்யூவில் யாராவது அதை 6.00 என்று திருத்திவிடாமல் ஒர்க்கிங் பேப்பரில் காரணத்தை எழுதிவையுங்கள்.

மூடுவதாக போர்டு தீர்மானம் போட்டால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விற்பதற்காக வைத்திருக்கும் யூனிட் என்றால் அதற்குத் தனி நிபந்தனைகள். விற்காமல் வெறுமனே மூடுவதென்றால் வேலை உண்மையில் நின்ற பிறகுதான் நிறுத்தப்பட்ட தொழில் ஆகும். யூனிட்டின் மார்ச் மாத மின் கட்டண பில், கடைசி புரொடக்‌ஷன் ஸ்லிப், தொழிலாளர் செட்டில்மென்ட் தேதி மூன்றையும் கேளுங்கள். ஏப்ரலிலும் ரியாக்டர் ஓடியிருந்தால் கெமிக்கல் தொடரும் தொழில்தான், டைல்யூட்டட் 6.00தான், செக்மென்ட் நோட்டில் அந்த 7 கோடி நஷ்டத்துக்குத் தனிப் பத்தியும் உண்டு.